நல்லெண்ணெயின் அயோடின் எண்: தரம்பார்த்தலிலிருந்து இரட்டைப் பிணைப்பு வரை

100 கிராம் நல்லெண்ணெய் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் அயோடின் ஏறத்தாழ 110 கிராம். அதே அளவு தேங்காய் எண்ணெய் 8, 9 கிராமோடு நின்றுவிடும். இந்த எடைக்குத்தான் அயோடின் எண் என்று பெயர். எண்ணெய் மூலக்கூறில் கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடங்களில் மட்டுமே அயோடின் போய்ச் சேரும் என்பதால், சேர்ந்த அயோடினை அளந்தால் இரட்டைப் பிணைப்புகளை எண்ணியதாகிவிடும். இந்த அத்தியாயத்தில் ஒரு நல்லெண்ணெய் மாதிரியை எடுத்துக்கொண்டு, அதன் அயோடின் எண்ணைக் கண்டு, அதிலிருந்து ஒரு மூலக்கூறுக்குச் சராசரியாக எத்தனை இரட்டைப் பிணைப்பு என்ற விடை வரை போவோம். அந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் பார்ப்போம். ஏனென்றால் செய்முறையைவிட அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

அயோடினை நேரடியாக எண்ணெயில் கலந்தால் வேலை நடக்காது. அது மிக மெதுவாகச் சேரும்; சேர்ந்ததும் ஓரளவு பிரிந்து வரும். குளோரினும் புரோமினும் இதற்கு நேர்மாறு. இரட்டைப் பிணைப்போடு நில்லாமல், சங்கிலியில் உள்ள ஹைட்ரஜனையும் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். நடுவழி ஒன்று தேவைப்பட்டது. 1884-இல் ஹ்யூபில் அயோடினையும் மெர்க்குரிக் குளோரைடையும் ஆல்கஹாலில் கலந்து பயன்படுத்தினார். 1898-இல் டச்சு வேதியியலாளர் வைஸ், அயோடின் மோனோகுளோரைடைத் தூய அசிட்டிக் அமிலத்தில் கரைத்துப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் நாம் செய்வது அதைத்தான். அந்தக் கரைசலை வைஸ் கரைசல் என்றே கடையில் கேட்கலாம்.

ICl மூலக்கூறு ஒன்று, இரட்டைப் பிணைப்பு ஒன்றில் சேரும்: ஒரு கார்பனில் அயோடின், அடுத்த கார்பனில் குளோரின். எண்ணெய்க்குத் தேவையானதைவிட அதிகமாகவே ICl கொடுத்துவிட்டு, மிஞ்சியதை அளக்கிறோம். மிஞ்சிய ICl-ஓடு பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால் அது முழுவதும் அயோடினாக மாறும். அந்த அயோடினைச் சோடியம் தயோசல்பேட்டால் தரம்பார்க்கிறோம்.

```
C=C + ICl → CI–CCl
ICl + KI → I2 + KCl
I2 + 2 Na2S2O3 → 2 NaI + Na2S4O6
```

எண்ணெய் இல்லாத குடுவையில் இதையே செய்தால் மொத்த ICl எவ்வளவு என்று தெரியும். அது வெற்றுச் சோதனை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் எண்ணெய் எடுத்துக்கொண்டது. கணக்கு முழுவதும் இந்த ஒரு கழித்தலில் நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எச்சரிக்கைகளுக்கெல்லாம் காரணம் தானாக விளங்கும்.

எவ்வளவு எண்ணெய் எடுப்பது

வைஸ் கரைசல் வழக்கமாக 0.2 நார்மல் செறிவில் இருக்கும். அதில் 25 மி.லி. எடுத்தால், 0.1 நார்மல் தயோசல்பேட் ஏறத்தாழ 50 மி.லி. பிடிக்கும். நாம் எடுக்கும் எண்ணெய் இதில் பாதிக்கும் குறைவாகவே உண்ண வேண்டும், 20 மி.லி. அளவு உண்டால் நல்லது. அதற்கு எளிய வழி, 25-ஐ எதிர்பார்க்கும் அயோடின் எண்ணால் வகுப்பது. நல்லெண்ணெய்க்கு 25-ஐ 110-ஆல் வகுத்தால் 0.23 கிராம் வரும். தேங்காய் எண்ணெய்க்கு இதே கணக்கு 3 கிராம் சொல்லும். நல்லெண்ணெய்க்கு எடுத்த அதே 0.23 கிராமைத் தேங்காய் எண்ணெயிலும் எடுத்தால் வேறுபாடு ஒன்றரை மி.லி.தான் வரும். பியூரெட்டில் 0.1 மி.லி. தவறிப் படித்தால்கூட விடையில் 6 சதவீதத்துக்கு மேல் போய்விடும்.

எண்ணெய் தெளிவாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். செக்கு எண்ணெயில் கசடு இருக்கும். வடிகட்டி, நீரற்ற சோடியம் சல்பேட் சிறிது போட்டுக் குலுக்கி, மறுபடி வடிகட்டுங்கள். தேங்காய் எண்ணெயானால் முழுக்க உருக்கிக் கலக்கிய பிறகே மாதிரி எடுங்கள். பாதி உறைந்த நிலையில் மேலே நிற்கும் திரவப் பகுதியில் இரட்டைப் பிணைப்பு அதிகம். அதை மட்டும் உறிஞ்சினால் எண் கூடிவிடும்.

செய்முறை

கண்ணாடி மூடியுள்ள 500 மி.லி. அயோடின் குடுவைகள் வேண்டும். எண்ணெய்க்கு இரண்டு, வெற்றுச் சோதனைக்கு இரண்டு. குடுவைகள் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் ICl தண்ணீரோடு சிதையும். எண்ணெயைத் துளித்துளியாக விட்டு நான்கு தசம இடத் தராசில் எடை போடுங்கள். குறித்த எடைக்குச் சரியாக வர வேண்டியதில்லை. வந்த எடையைச் சரியாகக் குறித்தால் போதும்.

சைக்ளோஹெக்சேன் 20 மி.லி. ஊற்றி எண்ணெயைக் கரையுங்கள். பழைய புத்தகங்கள் கார்பன் டெட்ராகுளோரைடு சொல்லும். கல்லீரலைக் கெடுக்கும் அதற்கு இப்போது தேவையில்லை. வெற்றுக் குடுவையிலும் அதே சைக்ளோஹெக்சேன் 20 மி.லி. விட வேண்டும், கரைப்பானில் உள்ள மாசும் கழிந்து போவதற்காக.

இனி வைஸ் கரைசல் 25 மி.லி. வாயால் உறிஞ்சக் கூடாது. பிப்பெட் பந்து வைத்து, புகைப்பெட்டிக்குள் செய்யுங்கள். ICl தோலை எரிக்கும், ஆவி தொண்டையைப் பிடிக்கும். நான்கு குடுவைக்கும் ஒரே பிப்பெட்டைப் பயன்படுத்தி, ஒரே மாதிரி வடியவிடுங்கள். மூடியின் கழுத்தைப் பொட்டாசியம் அயோடைடு கரைசலால் நனைத்து மூடி, மெதுவாகச் சுழற்றி, இருட்டான அலமாரியில் வையுங்கள். நம் நாட்டு உணவுப் பகுப்பாய்வுக் கையேடுகள் நல்லெண்ணெய் போன்றவற்றுக்கு அரை மணி நேரம் சொல்கின்றன. பன்னாட்டுத் தரமுறை ஒரு மணி நேரம் கேட்கிறது. நான் ஒரு மணி நேரத்தையே சொல்வேன். லினோலெயிக் அமிலம் நிறைய உள்ள எண்ணெயில் கடைசிப் பிணைப்புகள் நிரம்ப நேரம் பிடிக்கும். எதைத் தேர்ந்தாலும் வெற்றுக் குடுவைக்கும் அதே நேரம்தான்.

நேரம் முடிந்ததும் 10 சதவீதப் பொட்டாசியம் அயோடைடு 20 மி.லி. முதலில், அதன் பிறகுதான் தண்ணீர் 100 மி.லி. மூடியையும் கழுத்தையும் அந்தத் தண்ணீரிலேயே கழுவிக் குடுவைக்குள் விடுங்கள், மூடியில் ஒட்டிய அயோடினும் கணக்கில் வர வேண்டும். உடனே 0.1 நார்மல் தயோசல்பேட்டைப் பியூரெட்டிலிருந்து விட ஆரம்பிக்கலாம். செம்பழுப்பு நிறம் வெளிறி வைக்கோல் மஞ்சளுக்கு வந்த பிறகு 1 சதவீத ஸ்டார்ச் கரைசல் 1 அல்லது 2 மி.லி. விடுங்கள். முன்னதாகவே ஸ்டார்ச் விட்டால் அது அயோடினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கடைசியில் விடாது. முடிவு இழுத்துக்கொண்டே போகும்.

இந்தத் தரம்பார்த்தலில் ஒரு வித்தியாசம் உண்டு. குடுவைக்குள் இரண்டு அடுக்கு இருக்கிறது. கீழே தண்ணீர், மேலே சைக்ளோஹெக்சேன். அயோடினுக்கு மேலடுக்குதான் பிடிக்கும். நீல நிறம் போய்விட்டது என்று நிறுத்தினால், அரை நிமிடத்தில் மேலடுக்கிலிருந்து அயோடின் இறங்கி மறுபடி நீலமாகும். ஆகவே கடைசி 2 மி.லி.யை மூடி போட்டு வேகமாகக் குலுக்கிக் குலுக்கி, துளித்துளியாகவே விட வேண்டும். மேலடுக்கில் ஊதா சாயல் துளியும் இல்லாமல், குலுக்கிய பிறகும் நீலம் திரும்பாமல் இருந்தால் அதுவே முடிவு. சில நிமிடங்கள் கழித்து நீலம் எட்டிப் பார்த்தால் கவலை வேண்டாம். காற்றிலுள்ள ஆக்சிஜன் அயோடைடை மாற்றுவது அது.

தயோசல்பேட்டின் செறிவை அன்றே சரிபார்க்க வேண்டும். பாட்டிலில் ஒட்டிய சீட்டை நம்ப வேண்டாம். 0.1000 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட் 25 மி.லி.யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்து, 5 நிமிடம் இருட்டில் வைத்து, வெளிவந்த அயோடினைத் தரம்பாருங்கள். இங்கே முடிவில் நிறம் முழுக்கப் போகாது. நீலம் மறைந்து குரோமியத்தின் இளம்பச்சை நிற்கும்.

நம் மாதிரியின் கணக்கு

டைகுரோமேட்டுக்கு 24.88 மி.லி. தயோசல்பேட் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதன் செறிவு 0.1005 நார்மல். வெற்றுச் சோதனை இரண்டின் சராசரி 47.80 மி.லி. முதல் குடுவையில் எண்ணெய் 0.2312 கிராம், தயோசல்பேட் 27.75 மி.லி. இரண்டாவதில் எண்ணெய் 0.2287 கிராம், தயோசல்பேட் 28.00 மி.லி.

```
IV = 12.69 × N × (B − S) / W

குடுவை 1: 12.69 × 0.1005 × 20.05 / 0.2312 = 110.6
குடுவை 2: 12.69 × 0.1005 × 19.80 / 0.2287 = 110.4
```

இதில் IV என்பது அயோடின் எண், N தயோசல்பேட்டின் செறிவு, B வெற்றுச் சோதனைக்குப் பிடித்த மி.லி., S எண்ணெய்க் குடுவைக்குப் பிடித்த மி.லி., W எண்ணெயின் எடை. 12.69 எங்கிருந்து வந்தது? அயோடினின் அணு எடை 126.9. மி.லி.யை லிட்டராக்க 1000-ஆல் வகுக்கிறோம், 100 கிராமுக்குச் சொல்ல 100-ஆல் பெருக்குகிறோம். மிஞ்சுவது 12.69. எண்ணெயில் போய்ச் சேர்ந்ததில் பாதி அணுக்கள் குளோரின் என்றாலும், எல்லாம் அயோடின்தான் என்பது போலவே கணக்கிடுகிறோம். அது வழக்கம்.

சராசரி 110.5. நல்லெண்ணெய்க்கு இந்திய உணவுப் பாதுகாப்புத் தரங்கள் பொதுவாக வைத்திருக்கும் எல்லை 103 முதல் 120 வரை. நம் மாதிரி நடுவில் நிற்கிறது.

கணக்கைப் போடும் முன்பே ஒரு விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும். எண்ணெய்க் குடுவைக்குப் பிடித்தது வெற்றுச் சோதனையில் பாதிக்கு மேல் இருக்கிறதா? இங்கே 27.75 மி.லி., 47.80-இல் 58 சதவீதம். நல்லது. பாதிக்குக் கீழே வந்தால் எண்ணெய் அதிகமாகிவிட்டது, ICl மிச்சம் போதவில்லை, சில பிணைப்புகள் நிரம்பாமலே இருக்கலாம். அந்த எண் குறைவாகவே இருக்கும், திருத்த வழியில்லை. குறைந்த எண்ணெயோடு மறுபடி தொடங்குங்கள்.

வெயிலும் பிப்பெட்டும்

கழித்தல் கணக்கில் பெரிய எண் ஒன்றிலிருந்து இன்னொரு பெரிய எண்ணைக் கழிக்கிறோம். அதனால் 25 மி.லி. வைஸ் கரைசலில் வரும் சிறு பிழையும் பெருத்துத் தெரியும். ஒரு குடுவைக்கு 25 மி.லி.க்குப் பதில் 24.9 மி.லி. போனால், தயோசல்பேட்டில் 0.19 மி.லி. குறையும்; அயோடின் எண்ணில் ஏறத்தாழ 1 கூடிவிடும். எடையில் ஒரு மில்லிகிராம் தவறினால் அதில் பாதிதான் மாறும். ஆகவே தராசைவிடப் பிப்பெட்டின்மேல்தான் அதிகக் கவனம் வேண்டும்.

இதே காரணத்தால் நம் ஊர் ஆய்வகங்களில் வெப்பநிலை ஒரு தொல்லை. அசிட்டிக் அமிலம் தண்ணீரைப் போலில்லை, சூட்டில் நன்றாக விரியும். ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல். காலையில் 27 டிகிரியில் வெற்றுச் சோதனை செய்துவிட்டு, மதியம் 32 டிகிரியில் எண்ணெய்க்கு அதே பிப்பெட்டால் அளந்தால், அதே 25 மி.லி.யில் ICl அரை சதவீதம் குறைவாக இருக்கும். வெற்றுச் சோதனையின் 47.80-இல் அரை சதவீதம் என்றால் கால் மி.லி. நம் மாதிரியில் அது அயோடின் எண்ணை 1.4 கூட்டிவிடும். காலையில் செய்த வெற்றுச் சோதனையை நாள் முழுவதும் வைத்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. மே மாதத்தில் அது செல்லாது. வெற்றுக் குடுவையும் எண்ணெய்க் குடுவையும் அடுத்தடுத்து, ஒரே சூட்டில் நடக்க வேண்டும்.

வைஸ் கரைசல் பழுப்பு பாட்டிலில், வெளிச்சமும் ஈரமும் படாமல், 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அது கெட்டுவருவதை வெற்றுச் சோதனையே காட்டும். புதிதில் 48 மி.லி. பிடித்த கரைசல் பிறகு 43-க்கு இறங்கினால் பாட்டிலை மாற்றுங்கள். வேலை முடிந்ததும் குடுவையில் இருப்பதைத் தொட்டியில் கொட்டாதீர்கள். மேலடுக்கில் அயோடினும் குளோரினும் ஏறிய எண்ணெய் இருக்கிறது; அதைப் பிரித்துத் தனிக் கழிவு பாட்டிலில் சேருங்கள்.

எண்ணிலிருந்து மூலக்கூறுக்கு

அயோடின் எண் எடைக்கு எடை சொல்லும் கணக்கு. மூலக்கூறுக்கு எத்தனை என்று கேட்டால், மூலக்கூறின் எடை தெரிந்தாக வேண்டும். எண்ணெய் என்பது பெரும்பாலும் டிரைகிளிசரைடு. ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள். அந்த மூன்றும் எவை என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறும். எனவே நமக்குக் கிடைப்பது சராசரி மூலக்கூறு எடைதான். அதைச் சோப்பாக்கல் எண் தருகிறது.

ஒரு கிராம் எண்ணெயை முழுக்கச் சோப்பாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பதே சோப்பாக்கல் எண். 2 கிராம் எண்ணெயை, 0.5 நார்மல் ஆல்கஹால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 25 மி.லி.யோடு ஒரு மணி நேரம் மீள்வடிப்பில் கொதிக்கவிட்டு, மிஞ்சியதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பினாப்தலீன் வைத்துத் தரம்பார்ப்பது வழக்கம். நம் மாதிரியில் 2.015 கிராம் எண்ணெய்க்கும் வெற்றுக்கும் உள்ள வேறுபாடு 0.5 நார்மல் அமிலத்தில் 13.65 மி.லி. 56.1, 0.5, 13.65 மூன்றையும் பெருக்கி 2.015-ஆல் வகுத்தால் 190.0.

ஒரு டிரைகிளிசரைடுக்கு மூன்று பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. ஒவ்வொன்றும் 56.1. ஆகவே,

```
M = 3 × 56100 / SV = 168300 / 190.0 = 885.8
n = IV × M / (100 × 253.8) = 110.5 × 885.8 / 25380 = 3.86
```

M சராசரி மூலக்கூறு எடை, SV சோப்பாக்கல் எண், n ஒரு மூலக்கூறின் சராசரி இரட்டைப் பிணைப்பு. ஓர் இரட்டைப் பிணைப்புக்கு ஓர் I₂, அதன் எடை 253.8. அதனால்தான் 126.9 இங்கே இரட்டிப்பாகியிருக்கிறது. இந்த இடத்தில் 126.9-ஆல் வகுத்துவிட்டு, ஒரு மூலக்கூறில் 7.7 இரட்டைப் பிணைப்பு என்று எழுதும் மாணவர்கள் உண்டு. மூன்று சங்கிலியிலும் லினோலெயிக் அமிலம் மட்டுமே இருந்தால்கூட எண்ணிக்கை 6-க்கு மேல் போகாது என்பது நினைவிருந்தால், அந்தத் தவறு உடனே பிடிபடும்.

3.86 என்றால் என்ன? எந்த மூலக்கூறிலும் 3.86 பிணைப்பு இருக்க முடியாது. ஓர் ஒலெயிக் அமிலமும் இரண்டு லினோலெயிக் அமிலமும் கொண்ட மூலக்கூறில் 5; இரண்டு ஒலெயிக், ஒரு லினோலெயிக் என்றால் 4; பால்மிட்டிக், ஒலெயிக், லினோலெயிக் ஒவ்வொன்று என்றால் 3. இவற்றின் கூட்டம்தான் நல்லெண்ணெய். 3.86-ஐ மூன்றால் வகுத்தால் ஒரு கொழுப்பு அமிலத்துக்கு 1.29 வரும்.

இதைச் சரிபார்க்க நல்ல வழி உண்டு. நல்லெண்ணெயில் ஏறத்தாழ 40 சதவீதம் ஒலெயிக் அமிலம், 45 சதவீதம் லினோலெயிக் அமிலம், மீதி 15 நிறைவுற்றவை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒலெயிக்கில் ஒன்று, லினோலெயிக்கில் இரண்டு: 0.40 + 0.90 = 1.30. தரம்பார்த்துக் கண்ட 1.29-ஓடு இது ஒத்துப்போகிறது. இரண்டும் 0.1-க்கு மேல் விலகினால், பியூரெட்டையோ எண்ணெயையோ சந்தேகிக்க வேண்டும்.

எத்தனை தசமம் எழுதுவது? அயோடின் எண் 1 மாறினால் n 0.035 மாறும், சோப்பாக்கல் எண் 1 மாறினால் 0.02. கவனமாகச் செய்தாலும் இரண்டாம் தசமம் ஆடும். அறிக்கையில் 3.9 என்று எழுதுவதே நேர்மை.

தேங்காய் எண்ணெய்க்கு இதே கணக்கைப் போட்டால் சோப்பாக்கல் எண்ணை ஏன் கட்டாயம் காண வேண்டும் என்று தெரியும். அயோடின் எண் 8.5, சோப்பாக்கல் எண் 255 என்று கொள்வோம். மூலக்கூறு எடை 660 வருகிறது. லாரிக் அமிலம் போன்ற குட்டைச் சங்கிலிகள் நிறைந்த எண்ணெய் என்பதால் அவ்வளவு குறைவு. n = 0.22. நூறு மூலக்கூறுக்கு 22 இரட்டைப் பிணைப்பு. எண்ணெய் என்றாலே 885 என்று எண்ணி அதையே போட்டிருந்தால் 0.30 வந்திருக்கும், மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

சராசரி எதை மறைக்கும்

அயோடின் எண் எல்லைக்குள் இருக்கிறது என்பதால் எண்ணெய் தூயது என்று யாரும் சான்று தர முடியாது. பாமாயிலின் திரவப் பகுதியான பாமோலினுக்கு 57, சூரியகாந்திக்கு 130 என்று வையுங்கள். 27 பங்கு பாமோலினையும் 73 பங்கு சூரியகாந்தியையும் கலந்தால் ஏறத்தாழ 110 வரும்; அதில் எள் ஒரு மணிகூட இருக்காது. நல்லெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு கடலை எண்ணெய் கலந்தாலும், 110 என்பது 106-க்குத்தான் இறங்கும், எல்லையைத் தாண்டாது. எள் இருக்கிறதா என்று பார்க்க, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடும் பர்ப்யூராலோடும் குலுக்கிச் சிவப்பு நிறம் பார்க்கும் பவுடோயின் சோதனை வேண்டும். அதுவும் எள் எண்ணெய் உண்டு என்றுதான் சொல்லும், வேறு எதுவும் இல்லை என்று சொல்லாது. கலப்படத்தைப் பிரித்துக் காட்ட வாயு நிறப்பகுப்பாய்வில் கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியே காண்பதுதான் வழி.

தேங்காய் எண்ணெயில் நிலைமை வேறு. அதன் தர எல்லை 7.5 முதல் 10 வரை, மிகக் குறுகியது. அதில் 5 சதவீதம் பாமோலின் கலந்தாலே 8.5 என்பது 10.9 ஆகிவிடும். ஒரே சோதனை, ஓர் எண்ணெயில் மொட்டையாகவும் இன்னொன்றில் கூர்மையாகவும் இருப்பதற்குக் காரணம், கலப்பவற்றின் எண் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான்.

பழைய எண்ணெய்க்கும் இந்த எண் இறங்கும். பலமுறை பொரித்த எண்ணெயிலும், மாதக்கணக்கில் திறந்து கிடந்த எண்ணெயிலும் ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகளைத் தின்றுவிடுகிறது. ஆனால் சிக்கு வாடை வருவதற்கு முன்பே இது தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; அந்த வேலைக்குப் பெராக்சைடு எண் சிறந்தது.

கடைசியாக, n என்ற எண் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று. மேலே இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்தால்,

```
n = 6.63 × IV / SV
```

என்று சுருங்கும். நல்லெண்ணெயில் 5 சதவீதம் திரவ பாரபின் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரபினில் இரட்டைப் பிணைப்பும் இல்லை, அது சோப்பாவதும் இல்லை. ஆகவே அயோடின் எண் 110.5-இலிருந்து 105.0-க்கும், சோப்பாக்கல் எண் 190-இலிருந்து 180.5-க்கும், இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்கும். அயோடின் எண் இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறது. n-ஐக் கணக்கிட்டால் அதே 3.86. மாதிரி தேர்ச்சி பெற்றுவிட்டது போலத் தோன்றும்.

காட்டிக்கொடுப்பது மூலக்கூறு எடைதான். 168300-ஐ 180.5-ஆல் வகுத்தால் 932. நல்லெண்ணெயின் சோப்பாக்கல் எண் 188 முதல் 193 வரை என்பதால் அதன் மூலக்கூறு எடை 872-க்கும் 895-க்கும் இடையேதான் வர வேண்டும். 18 கார்பன் சங்கிலி மூன்றுக்கே எடை 885 என்றிருக்க, 932 வர வேண்டுமானால் அதைவிட நீண்ட அமிலங்கள் நிறைய இருந்தாக வேண்டும். எள்ளில் அப்படி இல்லை. எனவே அறிக்கையில் n-ஐ மட்டும் எழுதாமல், அயோடின் எண், சோப்பாக்கல் எண், M மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். M 895-ஐத் தாண்டினால், அடுத்துச் செய்ய வேண்டியது சோப்பாகாப் பொருளின் அளவைக் காண்பது.